மாஸ்ஃபெட் த்ரெஷோல்ட் வோல்டேஜ்: லேபிலும் சர்வீஸ் மேசையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் மாணவர்கள் கேட்பதும், அஞ்சு ரோடு பக்கம் யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என்ஹான்ஸ்மென்ட், டிப்ளீஷன் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படித்துவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். அதனால் இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து காட்ட முயன்றிருக்கிறேன். எல்லாமே என்-சேனல்தான். பி-சேனலுக்கு பிளஸ், மைனஸை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சார், த்ரெஷோல்ட் வோல்டேஜ்னா மாஸ்ஃபெட் ஆன் ஆகுற வோல்டேஜ் தானுங்க?

பாதி சரி. சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவே சேனல் உருவாகத் தொடங்குகிற கேட் வோல்டேஜ் அது. சுவிட்சாக வேலை செய்ய அந்த வோல்டேஜ் போதாது. 2N7000 டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்: த்ரெஷோல்ட் 0.8 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை என்று போட்டு, பக்கத்திலேயே 1 மில்லிஆம்பியர் கரண்டில் அளந்தது என்ற நிபந்தனையும் இருக்கும். 200 மில்லிஆம்பியர் தாங்கும் டிவைஸில் 1 மில்லிஆம்பியர் என்பது வாசற்படியில் கால் வைத்த அளவுதான்.

அதே ஷீட்டில் ஆன் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று உறுதி சொல்லும் இடத்தில் கேட் வோல்டேஜ் 10 வோல்ட். சுவிட்சுக்கு மாஸ்ஃபெட் தேர்ந்தெடுக்கிறவர்கள் பார்க்க வேண்டிய வரி இதுதான். த்ரெஷோல்ட் வரியை, ‘இதற்குக் கீழே போனால் ஆஃப் ஆகும்’ என்பதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கலாம்.

பி-டைப் சப்ஸ்ட்ரேட்ல எலக்ட்ரானே கிடையாதே. அப்புறம் சேனலுக்கு எலக்ட்ரான் எங்கிருந்து வருது?

சோர்ஸிலிருந்து வருகிறது. சோர்ஸ் அதிகமாக டோப் செய்த என்-டைப். அங்கே எலக்ட்ரானுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் பி-பகுதிக்குள் நுழைய ஒரு பொட்டென்ஷியல் தடுப்பு இருக்கிறது. கேட்டில் பிளஸ் வோல்டேஜ் ஏற ஏற, ஆக்ஸைடுக்குக் கீழே அந்தத் தடுப்பு தாழ்ந்துகொண்டே வரும்.

நடப்பது இந்த வரிசையில்தான். முதலில் கேட்டின் பிளஸ், அடியிலுள்ள ஹோல்களைக் கீழே தள்ளும். ஹோல் போன இடத்தில், அசையாத மைனஸ் போரான் அயனிகள் மட்டும் மிஞ்சும். அதுதான் டிப்ளீஷன் லேயர். என்ஹான்ஸ்மென்ட் மாஸ்ஃபெட்டிலும் சேனலுக்கு முன்னால் இந்த லேயர் வந்தே தீரும். இன்னும் வோல்டேஜ் ஏறினால் மேற்பரப்பில் எலக்ட்ரான் சேரத் தொடங்கும்.

எவ்வளவு சேரும் என்பதை எண்ணிக்கையில் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ போரான் போட்ட சிலிக்கானில் ஹோல் 10¹⁶, எலக்ட்ரான் வெறும் 10⁴. அறை வெப்பத்தில் மேற்பரப்பின் பொட்டென்ஷியல் ஏறக்குறைய 60 மில்லிவோல்ட் கூடினால் அங்கே எலக்ட்ரான் பத்து மடங்காகும். 10⁴ பன்னிரண்டு முறை பத்து மடங்கானால் 10¹⁶. அதாவது 12 × 60, சுமார் 0.72 வோல்ட். அந்தப் புள்ளியில் மேற்பரப்பில் எலக்ட்ரான், உள்ளே ஹோல் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவுக்கு வந்துவிடும். பி-டைப்பாக இருந்த மேற்பரப்பு என்-டைப்பாகப் புரண்டுவிட்டது. இந்த நிலைக்குத் தேவைப்படும் கேட் வோல்டேஜைத்தான் த்ரெஷோல்ட் என்கிறோம்.

அப்போ த்ரெஷோல்டுக்குக் கீழே கரண்ட் சுத்தமா ஜீரோவா?

இல்லை. மேலே சொன்னபடி எலக்ட்ரான் படிப்படியாகத்தான் பெருகுகிறது, ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. த்ரெஷோல்டுக்குக் கீழே கேட்டை ஒவ்வொரு 70 முதல் 100 மில்லிவோல்ட் வரை குறைக்கும்போதும் கரண்ட் பத்தில் ஒன்றாகும். 60-க்கு மேல் ஏன் ஆகிறது என்றால், கேட்டில் கொடுக்கும் வோல்டேஜ் முழுவதும் சிலிக்கானுக்குப் போவதில்லை, ஆக்ஸைடும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது.

0.7 வோல்ட்ல சேனல் வந்துடும்னா டேட்டாஷீட்ல ஏன் 2 வோல்ட், 3 வோல்ட்னு போடறாங்க?

0.72 என்பது சிலிக்கானின் மேற்பரப்பில் வேண்டியது. கேட்டில் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு இன்னும் இரண்டு கணக்கு சேர்க்க வேண்டும். ஹோல் விலகியபின் மிஞ்சிய போரான் அயனிகளின் மைனஸ் சார்ஜைச் சமாளிக்க ஆக்ஸைடின் குறுக்கே விழும் வோல்டேஜ் ஒன்று. கேட் பொருளுக்கும் சிலிக்கானுக்கும் இயல்பாகவே இருக்கும் வேறுபாடு இன்னொன்று. அதுதான் ஃபிளாட்பேண்ட் வோல்டேஜ். கீழே VFB என்பது இந்த ஃபிளாட்பேண்ட், 2φF என்பது மேற்பரப்பின் 0.72, Qd போரான் அயனிகளின் சார்ஜ், Cox ஆக்ஸைடின் கெபாசிட்டன்ஸ்.

```
VT = VFB + 2φF + Qd/Cox
```

10¹⁶ போரான், 20 நானோமீட்டர் ஆக்ஸைடு, என்-டைப் பாலிசிலிக்கான் கேட் என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸைடுக்குள் மாட்டிக்கொண்ட சார்ஜ் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டால்:

```
VT = -0.92 + 0.72 + 0.28 = 0.08 V
```

ஏறக்குறைய பூஜ்யம்! எதுவும் சேர்க்காமல் விட்டால் இந்த டிவைஸ் உருப்படியாக ஆனும் ஆகாது, உருப்படியாக ஆஃபும் ஆகாது. இதே கணக்கில் போரானை 10¹⁷ ஆக்கி, ஆக்ஸைடை 50 நானோமீட்டராகத் தடித்தால் மூன்றாவது எண் 0.28-லிருந்து 2.41-க்கு ஏறும். மொத்தம் சுமார் 2.3 வோல்ட் வரும். பவர் மாஸ்ஃபெட்டுகளில் 2, 3 வோல்ட் வருவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான்: தடித்த ஆக்ஸைடு, கனமான டோப்பிங்.

டிப்ளீஷன் மாஸ்ஃபெட்ல மட்டும் சேனல் எப்படிங்க முன்னாடியே இருக்கு?

தயாரிக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். மேலே 0.08 வோல்ட் என்று வந்த டிவைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு அடியில் அயனிகளைச் செலுத்தி, அதாவது இம்ப்ளான்ட் செய்து, த்ரெஷோல்டை வேண்டிய பக்கம் நகர்த்தலாம். மேற்பரப்பை ஒட்டியே அயனிகள் நிற்கின்றன என்று கொண்டால் நகரும் அளவு இவ்வளவுதான்:

```
ΔVT = q × D / Cox
```

q என்பது ஒரு எலக்ட்ரானின் சார்ஜ், D என்பது டோஸ், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை அயனி. போரானை 6.7 × 10¹¹ போட்டால் த்ரெஷோல்ட் 0.62 ஏறி 0.7 வோல்ட்டில் நிற்கும். இது என்ஹான்ஸ்மென்ட். போரானுக்குப் பதில் ஆர்செனிக்கை 3.3 × 10¹² போட்டால் சுமார் 3.1 இறங்கி, மைனஸ் 3 வோல்ட்டில் நிற்கும். இது டிப்ளீஷன். வேஃபர் ஒன்றே, ஆக்ஸைடு ஒன்றே, கேட்டும் ஒன்றே. அடியில் என்ன அயனி, எத்தனை என்பது மட்டும்தான் வேறு.

ஆர்செனிக் அணு ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். அதனால் கேட்டுக்கு அடியில் சோர்ஸையும் டிரெயினையும் இணைக்கும் மெல்லிய என்-லேயர் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. கேட் வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும்போதே கரண்ட் ஓடும்.

சரி, கேட்டுக்கு மைனஸ் கொடுத்தா அந்தச் சேனல் எப்படி மறையுது?

எலக்ட்ரான்கள் விலகிப் போகின்றன, ஆர்செனிக் அங்கேயே நிற்கிறது. கேட்டின் மைனஸ், என்-லேயரில் மேலே இருக்கும் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடும். அவை சோர்ஸ் வழியாக வெளியேறும். காலியான இடத்தில் பிளஸ் ஆர்செனிக் அயனிகள் மட்டும் மிஞ்சும். இந்தக் காலி இடம் மேலிருந்து கீழ்நோக்கி வளர்ந்து, என்-லேயருக்கும் பி-சப்ஸ்ட்ரேட்டுக்கும் இடையே ஏற்கெனவே இருக்கும் ஜங்ஷனின் காலி இடத்தைத் தொட்டதும் பாதை அடைபடும்.

இரண்டாவது கேள்வியின் பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ஹான்ஸ்மென்ட்டில் பி-டைப் மேற்பரப்பைப் புரட்டி எலக்ட்ரான் பாதையை உருவாக்குகிறோம். டிப்ளீஷனில், இருக்கிற என்-டைப் பாதையைக் காலி செய்து அடைக்கிறோம். முதலாவதில் த்ரெஷோல்ட் என்பது பாதை பிறக்கும் வோல்டேஜ், இரண்டாவதில் பாதை கடைசியாக அடைபடும் வோல்டேஜ். டேட்டாஷீட்டில் டிப்ளீஷனுக்கு VGS(off) என்று போட்டிருப்பது அதைத்தான். வரைபடத்தில் போட்டால் இரண்டும் ஒரே வடிவக் கோடு. ஒன்று பூஜ்யத்துக்கு வலப்பக்கம் தொடங்கும், மற்றது இடப்பக்கம்.

டிப்ளீஷனோட கேட்டுக்கு பிளஸ் கொடுக்கலாமா? ஜேஃபெட் மாதிரி கேட் கரண்ட் ஓடிடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஜேஃபெட்டில் கேட் ஒரு ஜங்ஷன். பிளஸ் கொடுத்தால் டயோடாக நடத்தத் தொடங்கிவிடும். இங்கே நடுவில் ஆக்ஸைடு இருக்கிறது. பிளஸ் கொடுத்தால் என்-லேயரில் இன்னும் அதிக எலக்ட்ரான் சேர்ந்து கரண்ட் கூடும். எல்லை ஆக்ஸைடு தாங்குவது வரைதான். LND150, DN2540 என்ற டிப்ளீஷன் பீஸ்கள் இரண்டுக்கும் அது பிளஸ், மைனஸ் 20 வோல்ட்.

அண்ணா, மீட்டர்ல வெச்சா டிரெயினும் சோர்ஸும் கன்டினியூட்டி காட்டுது. பீஸ் போயிடுச்சா?

தூக்கிப் போடுவதற்கு முன் கேட்டையும் சோர்ஸையும் ஒரு ஒயரால் சேர்த்துப் பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். கேட்டில் முன்பு தொட்ட சார்ஜ் அப்படியே தங்கியிருந்தால் நல்ல என்ஹான்ஸ்மென்ட் பீஸும் ஆனாகவே காட்டும். சேர்த்துப் பிடித்ததும் ஒரு திசையில் ஓப்பன், எதிர்த்திசையில் உள்ளே இருக்கும் டயோடின் 0.5, 0.6 வோல்ட் வந்தால் பீஸ் நன்றாக இருக்கிறது.

சேர்த்துப் பிடித்த பிறகும் கன்டினியூட்டி வந்தால் நம்பரைப் படியுங்கள். டிப்ளீஷன் பீஸ் என்றால் அப்படித்தான் காட்ட வேண்டும். ஓம் ரேஞ்சில் LND150 சில நூறு ஓமிலிருந்து 1,000 ஓம் வரை காட்டும். DN2540 25 ஓமுக்குள் இருக்கும். அதனால்தான் அதைச் சிலர் ஷார்ட் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். சந்தேகம் தீர, 9 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கேட்டிலும் பிளஸை சோர்ஸிலும் வைத்து டிரெயின்-சோர்ஸை அளந்து பாருங்கள். ஓப்பன் ஆனால் நல்ல பீஸ். அப்போதும் நடத்தினால் உண்மையிலேயே போய்விட்டது.

த்ரெஷோல்டை வீட்டிலேயே அளக்க முடியுங்களா சார்?

முடியும். 9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் போதும். 2N7000 என்றால் கேட்டையும் டிரெயினையும் சேர்த்துவிடுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து 6.8 கிலோஓம் வழியாக அந்த முனைக்கும், சோர்ஸை மைனஸுக்கும் கொடுங்கள். இப்போது கேட்-சோர்ஸ் நடுவே மீட்டர் காட்டுவதுதான் த்ரெஷோல்ட். 2 வோல்ட் அளவில் வந்தால் ரெசிஸ்டரில் 7 வோல்ட் விழுகிறது, கரண்ட் 1 மில்லிஆம்பியர். டேட்டாஷீட் சொன்ன நிபந்தனையும் அதுதான்.

டிப்ளீஷனுக்கு இந்த இணைப்பு ஒத்துவராது, கேட்டுக்கு மைனஸ் வேண்டும். இன்னொரு பேட்டரி தேடத் தேவையில்லை. LND150-ன் டிரெயினை பேட்டரி பிளஸில் கொடுங்கள். சோர்ஸிலிருந்து 1 மெகாஓம் ரெசிஸ்டரை மைனஸுக்குப் போட்டு, கேட்டையும் அதே மைனஸில் சேருங்கள். கரண்ட் ஓடினால் ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழுந்து சோர்ஸ் மேலே ஏறும். அப்படியென்றால் சோர்ஸைவிடக் கேட் மைனஸ் ஆகிறது, டிவைஸ் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கிறது. ரெசிஸ்டரில் 1.8 வோல்ட் நின்றால், மைனஸ் 1.8 வோல்ட்டில் 1.8 மைக்ரோஆம்பியர் மட்டுமே ஓடுகிறது என்று பொருள். டேட்டாஷீட் 100 நானோஆம்பியரில் அளக்கிறது. எனவே அவர்கள் முறைப்படி பார்த்தால் இன்னும் கொஞ்சம் மைனஸ் பக்கம் போகும். LND150-க்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 3 வரை எது வந்தாலும் சரியான பீஸ்தான்.

கடையில டிப்ளீஷன் மாஸ்ஃபெட் கேட்டா யாருக்கும் தெரியல. அப்புறம் எதுக்கு சார் சிலபஸ்ல வெச்சிருக்காங்க?

லேபில் நீங்கள் ஹெக்ஸ் கீபேடில் தட்டும் 8085 கிட்டைத் திறந்து பாருங்கள். பழைய 8085 சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு லாஜிக் கேட்டிலும் டிப்ளீஷன் மாஸ்ஃபெட் லோடாக உட்கார்ந்திருக்கிறது. 1974-ல் வந்த 8080-க்கு 12, 5, மைனஸ் 5 என்று மூன்று சப்ளை வேண்டும். 1976-ல் வந்த 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். அதற்கு வழி செய்ததில் டிப்ளீஷன் லோடுக்குப் பெரிய பங்கு உண்டு.

என்ஹான்ஸ்மென்ட்டை, கேட்டை 5 வோல்ட் சப்ளையில் கட்டி லோடாகப் போட்டால், அதன் சோர்ஸ் மேலே ஏறும்போது கேட்-சோர்ஸ் வோல்டேஜ் த்ரெஷோல்டுக்கு வந்ததும் அது மூடிக்கொள்ளும். அவுட்புட் 5 வோல்ட்டைத் தொடவே தொடாது. அதோடு, சோர்ஸ் சப்ஸ்ட்ரேட்டை விட்டு உயர உயர, அடியில் டிப்ளீஷன் லேயர் அகன்று த்ரெஷோல்டும் ஏறும். நம் 0.7 வோல்ட் டிவைஸில் அந்த வித்தியாசம் 5 வோல்ட் என்றால் த்ரெஷோல்ட் 1.2 வோல்ட்டுக்குப் போய்விடும். டிப்ளீஷனின் கேட்டை அதன் சோர்ஸோடு கட்டிவிட்டால் கேட்-சோர்ஸ் எப்போதும் பூஜ்யம். த்ரெஷோல்ட் மைனஸில் இருப்பதால் மூடவே மூடாது, அவுட்புட் முழு 5 வோல்ட்டுக்குப் போகும்.

ஏற்காடு எஸ்டேட்டுல வெச்ச போர்டு ராத்திரி ரிலே இழுக்க மாட்டேங்குது. கழட்டி சேலத்துல கொண்டுவந்து போட்டா நல்லா ஓடுது. ஏனுங்க?

குளிரில் த்ரெஷோல்ட் ஏறும். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சில மில்லிவோல்ட் கூடும். ஏற்காட்டில் தை மாத இரவு 12 டிகிரி, சேலம் கடைக்குள் பகலில் 37 டிகிரி என்றால் 25 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் என்று கொண்டால் 0.1 வோல்ட். இந்த 0.1 பெரிதாகிவிடுவது, போர்டு ஏற்கெனவே எல்லையில் ஓடும்போதுதான்.

3.3 வோல்ட் கண்ட்ரோலர் பின் ஒன்று 2N7000-ன் கேட்டை நேராக ஓட்டுகிறது, பீஸின் த்ரெஷோல்ட் சேலத்தில் 2.6 வோல்ட் என்று வையுங்கள். மிச்சம் 0.7 வோல்ட். கரண்ட் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்த வகை பீஸில் சுமார் 63 மில்லிஆம்பியர் வரும். 70 ஓம் காயில் உள்ள 5 வோல்ட் ரிலே இழுக்கக் குறைந்தது 53 மில்லிஆம்பியர் வேண்டும், அதனால் இழுக்கிறது. ஏற்காட்டில் மிச்சம் 0.6 ஆகிறது, கரண்ட் 46-க்கு இறங்குகிறது. குளிரில் எலக்ட்ரான்கள் சற்று எளிதாக நகர்வது இதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். எல்லையில் நிற்கும் பீஸுக்கு அது போதாது.

ஆனால் குற்றத்தை முழுக்கக் குளிர்மேல் போடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன 0.8 முதல் 3 வரையிலான பீஸுக்குப் பீஸ் வித்தியாசம், 0.1 வோல்ட்டைவிடப் பல மடங்கு பெரிது. 1.5 வோல்ட் பீஸ் மாட்டிய போர்டு ஏற்காட்டிலும் ஓடும். மேலே சொன்ன முறையில் அந்த பீஸை அளந்து பாருங்கள், 2.5-க்கு மேல் வந்தால் அதுதான் காரணம். 2.5 வோல்ட் கேட்டிலேயே ஆன் ரெசிஸ்டன்ஸை உறுதி சொல்லும் மாஸ்ஃபெட்டை மாற்றிப் போடுங்கள். அதே நம்பரில் வேறு பீஸ் போட்டால் அடுத்த போர்டில் இதே பிரச்சினை திரும்பி வரும்.

இம்ப்ளான்ட் டோஸ் கணக்குப்படி மைனஸ் 3 வோல்ட்ல ஆஃப் ஆகணும். சிமுலேஷன்ல மைனஸ் 10 கொடுத்தும் கரண்ட் நிக்கவே இல்ல. கணக்கு தப்பா?

கணக்கு சரி. அயனிகள் மேற்பரப்பை ஒட்டி நிற்கின்றன என்ற நிபந்தனைதான் உடைந்திருக்கிறது. 3.3 × 10¹² டோஸை 0.033 மைக்ரானுக்குள் அடக்கினால் அடர்த்தி 10¹⁸. அந்த அடர்த்தியில் கேட்டால் மேலிருந்து 0.035 மைக்ரான் ஆழம் வரை காலி செய்ய முடியும். முழு லேயரும் காலியாகும், ஆஃப் ஆகும்.

அதே டோஸ் இம்ப்ளான்ட் எனர்ஜி கூடியதாலோ, பிறகு ஃபர்னஸில் அதிக நேரம் சூடானதாலோ 0.33 மைக்ரானுக்குப் பரவிவிட்டது என்று வையுங்கள். அடர்த்தி 10¹⁷. கேட் மேலிருந்து காலி செய்யக்கூடியது அதிகபட்சம் 0.10 மைக்ரான், கீழேயிருந்து ஜங்ஷன் ஒரு 0.03 மைக்ரான் எடுத்துக்கொள்ளும். நடுவில் 0.2 மைக்ரான் பாதை திறந்தே கிடக்கும். கேட்டை இன்னும் மைனஸாக்கினால் அந்த மைனஸுக்குப் பதில் சொல்ல மேற்பரப்பில் ஹோல்கள் வந்து சேர்ந்துவிடும். அதாவது என்-லேயரின் மேற்பரப்பே பி-டைப்பாகப் புரண்டுவிடுகிறது. அதன்பின் கேட்டின் வோல்டேஜ் கீழே எட்டாது.

அடையாளம் காண்பது எளிது. கேட் வோல்டேஜுக்கு எதிராக டிரெயின் கரண்டை வரையுங்கள். கரண்ட் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்துக்குப் பிறகு பூஜ்யத்துக்குப் போகாமல் தட்டையாக நின்றால் லேயர் ஆழமாகிவிட்டது என்று பொருள். டோஸைக் குறைத்தோ, எனர்ஜியைக் குறைத்து ஆழத்தைச் சுருக்கியோ மறுபடி ஓட்டிப் பாருங்கள். தட்டையான பகுதி மறைந்து கோடு நேராகக் கீழே விழும்.